தினமும் போடும் டாலருக்கு அக்வாமரினா, பெரிடாட்டா, டூர்மலினா? வாங்குவது முதல் கழுவுவது வரை

மோதிரத்துக்குக் கல் எடுக்கும் கணக்கு வேறு, டாலருக்குக் கல் எடுக்கும் கணக்கு வேறு. மோதிரக் கல் கதவிலும் பாத்திரத்திலும் பைக் கைப்பிடியிலும் நாள் முழுக்க இடிபடும். அதனால் அங்கே கடினத்தன்மைதான் முதல் கேள்வி. கழுத்தில் தொங்கும் டாலருக்கு இடி குறைவு. அதற்குப் பதிலாக வியர்வை, எண்ணெய், பவுடர், சென்ட் எல்லாம் அதன் முதுகில் போய்ச் சேரும். பார்ப்பவரும் அதை அரை அடி தூரத்தில் வைத்துப் பார்ப்பதில்லை, நான்கு அடி தள்ளி நின்று பார்க்கிறார்.

ஆகவே டாலர் கல்லுக்குக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. தள்ளி நின்று பார்த்தால் நிறம் நிற்கிறதா? ஆசாரியின் தீயையும் அமிலத்தையும் கல் தாங்குமா? நம் வீட்டில் நகை கழுவும் விதம் அதற்கு ஒத்துக்கொள்ளுமா? கடைக்காரர் பெரும்பாலும் கடினத்தன்மை எண்ணை மட்டும் சொல்வார். அந்த எண்ணை வைத்து மட்டும் முடிவெடுத்தால், மூன்று கல்லில் எதை எடுத்தாலும் தப்பாகப் போக வழி இருக்கிறது.

மூன்று கல்லின் சுபாவம்

அக்வாமரின், மரகதம் சேர்ந்த பெரில் குடும்பத்துக் கல். மோஸ் அளவில் கடினம் 7.5 முதல் 8 வரை. அதன் நீலம் கல்லுக்குள் இருக்கும் இரும்பால் வருவது. பூமியிலிருந்து வரும்போது பெரும்பாலும் பச்சை கலந்த நீலமாக இருக்கும். ஏறத்தாழ 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் பச்சைச் சாயல் போய்த் தெளிந்த நீலம் நிற்கும். சந்தையில் உள்ள அக்வாமரினில் பெரும்பாலானவை இப்படிச் சூடு காட்டப்பட்டவை. இந்த நிறம் வெயிலில் மங்காது, சூடு காட்டியதை ஆய்வகத்தாலும் பொதுவாகக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் 'சூடு காட்டாத கல்' என்று கூடுதல் விலை கேட்டால் கொடுக்கத் தேவையில்லை.

பெரில் நமக்குப் புதிய கல் அல்ல. காங்கயம் பக்கத்துப் படியூர் பழங்காலத்திலேயே பெரிலுக்குப் பெயர்பெற்ற இடம். நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் கல்மணி செய்த பட்டறைகளின் தடயங்கள் அகழாய்வில் கிடைத்தன. இன்று நகைக்கடைக்கு வருவது பெரும்பாலும் பிரேசில், மொசாம்பிக், நைஜீரியா, பாகிஸ்தான் கல்.

பெரிடாட் என்பது ஆலிவின் என்னும் கனிமத்தின் நகைத்தரக் கல். கடினம் 6.5 முதல் 7. இதில் இரும்பு கலப்படமாக வந்ததல்ல, கல்லின் உடம்பிலேயே ஒரு பாகம். அதனால் இதற்குப் பச்சையைத் தவிர வேறு நிறம் கிடையாது. மஞ்சள் கலந்த பச்சையா, புல் பச்சையா, பழுப்பு தட்டிய பச்சையா என்பதே வித்தியாசம். நிறத்துக்காக இதைச் சூடாக்குவதோ கதிர்வீச்சு கொடுப்பதோ வழக்கமில்லை. மூன்றில் நிறத்தைப் பற்றிச் சந்தேகமே இல்லாமல் வாங்கக்கூடியது இதுதான். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் சான் கார்லோஸ் பகுதியிலிருந்து வருபவை பெரும்பாலும் சிறியவை. பெரிய, தெளிந்த கற்கள் பாகிஸ்தானின் கோஹிஸ்தான் பகுதியிலிருந்தும் மியான்மரின் மோகோக்கிலிருந்தும் வருகின்றன.

டூர்மலின் ஒரே கனிமம் அல்ல, ஒரு பெரிய குடும்பம். கடினம் 7 முதல் 7.5. இளஞ்சிவப்பு, சிவப்பு, பச்சை, நீலம், ஒரே கல்லில் இரண்டு நிறம் என்று எல்லாம் உண்டு. விலையும் அப்படியே தாறுமாறாக விரியும். செம்பு கலந்த பரைபா வகை இந்தக் கட்டுரையின் விலைப் பேச்சுக்குள் வராது, நல்ல சிவப்பும் நல்ல நீலமும் கைக்கு எட்டுவது கடினம். நடுத்தர விலையில் நியாயமாகக் கிடைப்பவை பச்சையும் இளஞ்சிவப்பும். இளஞ்சிவப்பில் பல கற்களுக்குக் கதிர்வீச்சு கொடுத்து நிறம் கூட்டப்பட்டிருக்கும். இதையும் ஆய்வகம் பொதுவாகப் பிரித்துச் சொல்ல முடியாது.

முதல் படி: நிறத்துக்கு முன் அளவு

பலரும் முதலில் கல்லைத் தேர்ந்துவிட்டு அதற்கு ஏற்ற டாலரைத் தேடுவார்கள். இந்த மூன்று கல்லுக்கும் அந்த வரிசை சரிப்படாது. ஏனென்றால் அளவு மாறினால் நிறம் மாறும்.

அக்வாமரினில் நிறம் மெல்லியது. கல் சிறுத்தால் ஒளி கடக்கும் தூரம் குறைந்து நீலம் இன்னும் வெளிறும். 5 மில்லிமீட்டர் உருண்டை அக்வாமரினைக் கழுத்தில் போட்டால், நான்கு அடி தள்ளி நிற்பவருக்கு அது வெள்ளைக் கல். சிறிய, அடக்கமான டாலர்தான் வேண்டும் என்றால் அக்வாமரினை விட்டுவிடுவது நல்லது. 8×6 மில்லிமீட்டர் ஓவலுக்குக் கீழே இறங்க வேண்டாம். 9×7 அல்லது அதற்கு மேல் போனால் இன்னும் நல்லது.

பெரிடாட் இதற்கு நேர் எதிர். 5 மில்லிமீட்டரிலேயே பச்சை தெளிவாகத் தெரியும். சிறிய டாலருக்கு இதைவிடச் செலவு குறைந்த, நிறம் காட்டும் கல் இந்த மூன்றில் இல்லை.

டூர்மலினில், குறிப்பாகப் பச்சையில், பிரச்சினை மறுபக்கம். கல் பெரிதாக ஆக இருண்டுபோகும். 6 மில்லிமீட்டரில் அழகான இலைப்பச்சையாக இருக்கும் அதே கல், 10 மில்லிமீட்டரில் வீட்டு விளக்கில் கறுப்பாகத் தெரியலாம். அளவு பெரிதானால் இன்னும் வெளிர் நிறக் கல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாம் படி: கடை விளக்கை விட்டு வெளியே வந்து பார்ப்பது

நகைக்கடையின் விளக்கு எல்லாக் கல்லையும் அழகாக்கும். நீலம் தூக்கலான வெள்ளை எல்இடி அக்வாமரினுக்கு இல்லாத நீலத்தைக் கொடுக்கும். மேலிருந்து விழும் கூர்மையான வெளிச்சம் இருண்ட டூர்மலினையும் பச்சையாக மினுக்கும். எனவே கல்லை வாசலுக்கு எடுத்துவரச் சொல்லுங்கள். நேர் வெயில் வேண்டாம், நிழலில் விழும் பகல் வெளிச்சம் போதும். பிறகு கடைக்குள்ளேயே விளக்கு மங்கிய ஓர் ஓரத்தில், கூடவே வந்தவர் கழுத்தருகே கல்லைப் பிடிக்க, நான்கு அடி தள்ளி நின்று பாருங்கள்.

மங்கிய வெளிச்சத்தில் அக்வாமரின் சாம்பல் தட்டுகிறதா என்று கவனிக்க வேண்டும். மஞ்சள் விளக்கில் நீலம் அடங்கிப்போவது இயல்பு. முழுக்க நிறமிழந்தால் அந்தக் கல் வேண்டாம். பெரிடாட் மஞ்சள் விளக்கிலும் பச்சையை விடாது, மாலை வேளைக் கல்யாணங்களில் அது நன்றாக நிற்பது இதனால்தான். டூர்மலின் கறுத்தால் வேறு கல்லைக் கேளுங்கள். 'போட்டுப் போட்டு வெளிச்சம் வரும்' என்று சொன்னால் நம்ப வேண்டாம், அப்படி வராது.

அடுத்தது ஜன்னல் பார்ப்பது. கல்லை முகம் மேலே இருக்கும்படி செய்தித்தாள்மேல் வையுங்கள். கல்லின் நடுவில் எழுத்து தெளிவாக வாசிக்கும்படி தெரிந்தால், கல்லின் அடிப்பாகம் ஆழமில்லாமல் வெட்டப்பட்டிருக்கிறது. மேலே விழும் ஒளி திரும்பி வராமல் பின்னால் ஓடிவிடுகிறது. வியாபாரத்தில் இதையே ஜன்னல் என்கிறார்கள். மோதிரத்தைவிட டாலரில் இது மோசமாகத் தெரியும். ஜன்னல் விழுந்த வெளிர் அக்வாமரினைச் சிவப்புப் புடவைமேல் போட்டால் நடுவில் புடவையின் சிவப்பு தெரியும். வெட்டும்போது எடை குறையக் கூடாது என்று பரப்பை அகலமாகவும் அடியைத் தட்டையாகவும் விட்டுவிடுவதால் வருவது இது. கொஞ்சம் எழுத்து மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை. முழு வரியும் வாசிக்க முடிந்தால் விட்டுவிடுங்கள்.

டூர்மலினுக்கு மட்டும் இன்னொன்று. இந்தக் கல்லுக்கு ஒவ்வொரு திசையிலும் நிறம் வேறு. நீளவாட்டுப் படிகத்தின் முனை வழியாகப் பார்த்தால் பல பச்சைக் கற்கள் கறுப்பாகவே இருக்கும். நீள்சதுர வெட்டு டூர்மலினில் இரண்டு முனைகளும் கறுத்து, நடுவில் மட்டும் பச்சை தெரிவதற்குக் காரணம் இதுதான். நல்ல வெட்டுக்காரர் அந்த இரு முனைகளையும் செங்குத்தாக வெட்டி அந்த இருளைக் குறைத்திருப்பார். கல்லை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். சாய்க்கும்போது இருள் நடுவரை ஏறிவந்தால், கழுத்தில் ஆடும் டாலரிலும் அப்படியேதான் ஆடும்.

மூன்றாம் படி: லென்ஸும் தராசும்

பத்து மடங்கு லென்ஸ் எந்த நல்ல கடையிலும் இருக்கும். கேட்டால் தருவார்கள்.

பெரிடாட்டில் முதலில் பார்க்க வேண்டியது இரட்டைக் கோடு. மேல்பரப்பின் வழியாகக் கொஞ்சம் சாய்வாக, கல்லின் அடிப்பக்கத்துப் பட்டைகளின் விளிம்புகளைப் பாருங்கள். ஒவ்வொரு விளிம்பும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோடாகத் தெரியும். இந்தக் கல் ஒளியை இரண்டாகப் பிரிப்பதால் வருவது இது. ஒரு திசையில் தெரியாவிட்டால் கல்லைத் திருப்பிப் பாருங்கள், ஏதாவது ஒரு திசையில் நிச்சயம் தெரியும். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒற்றைக் கோடுதான் என்றால், உள்ளே வட்டக் குமிழியும் இருந்தால், அது பச்சைக் கண்ணாடி. பெரிடாட் என்று விற்கப்படும் போலிகளில் கண்ணாடிதான் அதிகம் என்பதால் இந்த ஒரு சோதனையே பெருமளவு போதும். கூடவே, தாமரை இலை போன்ற வட்டத் தட்டுகள் உள்ளே தெரிந்தால் அது இயற்கைப் பெரிடாட்டின் அடையாளம். நடுவில் ஒரு சின்னக் கரும்புள்ளியும் அதைச் சுற்றி ஒரு வட்டமும் இருக்கும். அந்த வட்டம் உண்மையில் ஒரு குட்டி விரிசல். கல்லின் நடுவில் இருந்தால் கவலையில்லை. விளிம்புக்குப் பக்கத்தில், பிடி வரப்போகும் இடத்தில் இருந்தால் அந்தக் கல்லை எடுக்காதீர்கள், பதிக்கும் அழுத்தத்தில் அங்கிருந்துதான் உடையும்.

டூர்மலினில் நூல் போன்ற மெல்லிய திரவக் கோடுகள் உள்ளே இருப்பது சகஜம். இளஞ்சிவப்பிலும் சிவப்பிலும் இது அதிகம். கோடு உள்ளேயே முடிந்தால் சரி. மேல்பரப்பு வரை வந்து திறந்திருந்தால், அதில் பிசின் நிரப்பித் தெளிவாக்கியிருக்கலாம். கல்லை விளக்கின் கீழ் சாய்த்து மேல்பரப்பின் பளபளப்பை மட்டும் பாருங்கள். பளபளப்பில் மயிரிழைக் கோடு ஓடி, கோட்டுக்குள் மினுக்கம் குறைந்து தெரிந்தால் நிரப்பு இருக்க வாய்ப்பு அதிகம். தினமும் போடும் டாலருக்கு அது வேண்டாம். சூடும் சோப்பும் கரைப்பான்களும் பட்டுப்பட்டு நிரப்பு கெட்டு, விரிசல் வெள்ளையாக எழுந்துவிடும். விலை கொஞ்சம் பெரிதென்றால் ஆய்வக அறிக்கை கேளுங்கள். தெளிவுக்காக நிரப்பியது அறிக்கையில் வரும், கதிர்வீச்சு வராது.

அக்வாமரினுக்கு லென்ஸைவிடத் தராசு உதவும். அதன் பெயரில் அதிகம் தலைகாட்டுவது நீலப் புஷ்பராகம், அதாவது ப்ளூ டோபாஸ். கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், விலையில் பெருத்த வித்தியாசம். ஆனால் டோபாஸ் அடர்த்தியான கல், அதே அளவில் எடை கூடும். ஓவல் கல்லுக்கு எடையை இப்படிக் கணக்கிடலாம்: நீளத்தையும் அகலத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, ஆழத்தால் பெருக்கி, அடர்த்தியால் பெருக்கி, கடைசியில் 0.0020 ஆல் பெருக்க வேண்டும். அளவுகள் மில்லிமீட்டரில், விடை காரட்டில். அடர்த்தி அக்வாமரினுக்கு 2.72, டூர்மலினுக்கு 3.06, பெரிடாட்டுக்கு 3.34, டோபாஸுக்கு 3.55 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

9×7 மில்லிமீட்டர், ஆழம் 4.8 மில்லிமீட்டர் உள்ள ஓவலைப் பார்ப்போம். சராசரி 8. 8×8×4.8×0.0020 என்பது 0.6144. இதை அடர்த்தியால் பெருக்கினால் அக்வாமரின் 1.67 காரட், டூர்மலின் 1.88, பெரிடாட் 2.05, டோபாஸ் 2.18. கணக்கில் கொஞ்சம் முன்பின் வரும், இடுப்பு, அதாவது கல்லைச் சுற்றி வரும் அகன்ற விளிம்பு, தடித்த கல் பத்தில் ஒரு பங்கு வரை கூட எடை காட்டலாம். ஆனால் 1.67 இருக்க வேண்டிய இடத்தில் தராசு 2.2 காட்டினால் அது தடித்த இடுப்பு அல்ல, வேறு கல். பதிக்காத கல்லில் மட்டுமே இந்தச் சோதனை நடக்கும். அதனால்தான் முடிந்தால் தனிக் கல்லாக வாங்கிப் பிறகு பதிக்கச் சொல்வது.

அசாதாரணமாக ஆழ்ந்த நீலத்தில் மலிவாக அக்வாமரின் கிடைத்தால் இன்னொரு சந்தேகமும் வர வேண்டும். கதிர்வீச்சால் ஆழ்நீலம் ஏற்றிய மக்சிஷே வகைப் பெரில் வெளிச்சத்தில் மங்கிவிடும். தினமும் வெயிலில் போகும் கழுத்துக்கு அது ஆகாது.

விலையைக் காரட்டில் கேட்டு, கல்லில் ஒப்பிடுங்கள்

மேலே வந்த எடைகளில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. முகத்தளவு ஒன்றேதான், ஆனால் பெரிடாட் அக்வாமரினைவிட ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கூடுதல் எடை. காரட் விலையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாறுவோம். கணக்குக்காக, அக்வாமரினும் டூர்மலினும் காரட் 6,000 ரூபாய், பெரிடாட் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இவை சந்தை விலை அல்ல, கூட்டிப் பார்க்க எடுத்த எண்கள். அக்வாமரின் 10,020 ரூபாய், டூர்மலின் 11,280, பெரிடாட் 6,150. காரட் விலை ஒன்றே ஆனாலும் டூர்மலினுக்கு 1,260 ரூபாய் கூடுதல். பெரிடாட் பாதி விலை என்றார்கள், கையிலிருந்து போவதோ அறுபது சதவீதத்துக்கு மேல். எனவே 'இந்த அளவுக் கல் மொத்தம் எவ்வளவு' என்றே கேளுங்கள். ரத்தியில் விலை சொன்னால் காரட்டுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், ரத்தி எல்லாக் கடையிலும் ஒரே எடை அல்ல.

நான்காம் படி: கட்டடமும் ஆசாரியும்

இந்த மூன்று கல்லும் அதிகம் பாழாவது கழுத்தில் அல்ல, பட்டறையில். இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் ஊர் ஆசாரிக்கு வைரமும் சிவப்புக்கல்லும் பழக்கம். அவற்றைப் பதித்தபடியே பக்கத்தில் தீ காட்டிப் பற்றவைத்தாலும் பெரும்பாலும் தாங்கும். பெரிடாட் திடீர்ச் சூட்டில் வெடிக்கும். டூர்மலினுக்குள் வளரும்போதே இறுக்கம் இருப்பதால் அதுவும் பிளக்கும், நிறமும் மாறலாம். அக்வாமரினுக்குள் திரவம் நிறைந்த குழல்கள் இருந்தால் சூட்டில் அவை விரிந்து கல்லைக் கீறிவிடும். ஆகவே வரிசை இதுதான்: கூடு, கொக்கி, வளையம் எல்லாம் பற்றவைத்து, அமிலத்தில் போட்டுக் கழுவி, மெருகு முக்கால்வாசி முடித்த பிறகே கல் பதிக்க வேண்டும். பதித்த பின் வெறும் கைமெருகு மட்டும். பின்னாளில் வளையம் அறுந்தால், கல்லைக் கழற்றிவிட்டுத் தீ காட்ட வேண்டும், அல்லது லேசர் வெல்டிங் உள்ள இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். 'ஈரத் துணி சுற்றி ஒரே நிமிஷத்தில் வைத்துவிடலாம்' என்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அமிலம் பெரிடாட்டுக்கு மட்டும் தனிப் பகை. பற்றவைத்த தங்கத்தின் கறுப்பை எடுக்கும் சூடான, நீர்த்த கந்தக அமிலம் பெரிடாட்டின் மெருகை அரித்துவிடும். பளிங்காக உள்ளே போன கல் பனி மூடியதுபோல வெளியே வரும். இதே காரணத்துக்காக வெள்ளைத் தங்கத்தில் பெரிடாட் வேண்டாம் என்போம். வெள்ளைத் தங்கத்துக்கு வெள்ளை நிறம் தருவது மேலே பூசும் ரோடியம். தினமும் போட்டால் சில வருடங்களில் தேய்ந்து மீண்டும் பூச வேண்டும், அந்தப் பூச்சுத் தொட்டியும் கந்தக அமிலம்தான். ஒவ்வொரு முறையும் கல்லைக் கழற்றிப் பதிப்பவர் அரிது. மஞ்சள் தங்கத்தில் இந்தத் தொல்லையே கிடையாது, பெரிடாட்டின் மஞ்சள் பச்சைக்கும் அது பொருந்தும்.

கட்டடத்தில், அதாவது கல்லைப் பதித்துப் பிடிக்கும் முறையில், ஓபன் செட்டிங்கே கேளுங்கள். பின்பக்கம் மூடி, தகடு வைத்துக் கட்டும் பழைய க்ளோஸ் செட்டிங் கெம்புக்கு அழகு. இந்தக் கற்களுக்கு அது இரண்டு வகையில் கெடுதல். உள்ளே வியர்வை இறங்கித் தகடு கறுத்தால் கல்லும் கறுத்ததாகத் தெரியும். அதோடு, வெளிறிய கல்லுக்குப் பின்னால் நிறத் தகடு வைத்து நல்ல நிறமாகக் காட்டவும் முடியும். பின்பக்கம் திறந்திருக்கட்டும், ஆனால் துவாரம் கல்லின் அடிமுனை வெளியே நீட்டாத அளவு ஆழமான கூட்டில் இருக்க வேண்டும்.

கல்லைச் சுற்றி விளிம்பு ஏறிப் பிடிக்கும் கட்டடம் பெரிடாட்டுக்குச் சிறந்தது. அதன் கூர் விளிம்புகள்தான் முதலில் தேயும், தங்கம் அதை மூடிக்கொள்கிறது. அக்வாமரினுக்கும் டூர்மலினுக்கும் நான்கு நகப் பிடி போதும், வெளிச்சமும் அதிகம் நுழையும். நகப் பிடி என்றால் 22 காரட் தங்கம் மிகவும் இளகல், புடவையிலும் துப்பட்டாவிலும் மாட்டி மாட்டி நகம் விரியும். 18 காரட்டில் செய்யச் சொல்லுங்கள்.

ரசீதிலும் ஒரு கண் வேண்டும். மொத்த எடை, கல் எடை, நிகரத் தங்க எடை மூன்றும் தனித்தனியே வர வேண்டும். கல் எடையில் ஒரு காரட் என்பது 0.2 கிராம். மேலே பார்த்த 1.67 காரட் அக்வாமரின் 0.334 கிராம். டாலரின் மொத்த எடை 2.850 கிராம் என்றால் தங்கம் 2.516 கிராம்தான். மொத்த எடைக்குத் தங்க விலை போட்டால் கல்லுக்கு இரண்டு முறை பணம் கொடுக்கிறீர்கள். 18 காரட்டுக்கு 750 என்ற ஹால்மார்க் முத்திரையும் ஆறு எழுத்து HUID எண்ணும் இருக்கின்றனவா என்று அதே லென்ஸில் பார்த்துவிடுங்கள்.

ஒரு தேர்வைப் போட்டுப் பார்ப்போம்

பள்ளி ஆசிரியை ஒருவர். தினமும் பஸ், ஐந்து நாள் புடவை, கழுத்தில் தாலிச் சங்கிலியோடு சேர்த்துப் போடப் போகிறார், இரவில் கழற்றும் பழக்கமில்லை. 18 அங்குலச் செயின், 9×7 ஓவல்.

இவருக்கு நாங்கள் சொல்வது நடுத்தர நீல அக்வாமரின். தூங்கும்போதும் கிடக்கும், தாலிக் குண்டுகளோடு உரசும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் கழுவப்படும். இத்தனையையும் அதிகம் முனகாமல் தாங்குவது அக்வாமரின்தான். தங்கக் குண்டு உரசுவதால் மூன்று கல்லில் எதற்குமே கீறல் விழாது, தங்கம் அவ்வளவு இளகல். வைரம் பதித்த தாலியோ இன்னொரு வைர டாலரோ கூட இருந்தால் மூன்றையுமே கீறும். அப்போது நீளத்தை மாற்றி இரண்டும் தொடாமல் வைக்க வேண்டும்.

அவரே பெரிடாட்தான் பிடித்திருக்கிறது என்றால் மறுக்க வேண்டியதில்லை. மஞ்சள் தங்கம், சுற்றுக் கட்டடம், இரவில் கழற்றுவது என்ற மூன்று மாற்றம் போதும். தூசியில் இருக்கும் மணல் துகள்களின் கடினம் 7, பெரிடாட்டைவிடக் கொஞ்சம் கூட. உலர்ந்த முந்தானையால் கல்லைத் தேய்த்துத் துடைக்கும் பழக்கத்தால்தான் சில வருடங்களில் மெருகு போகிறது.

டூர்மலினை அவருக்கு மூன்றாவதாகவே வைப்போம், அதுவும் நிறத்துக்காக மட்டும். இளஞ்சிவப்பு வேண்டும் என்றால் மற்ற இரண்டிலும் கிடையாது, அங்கே பேச்சே இல்லை. பச்சைதான் வேண்டும் என்றால், இருளுக்காகவும் விரிசலுக்காகவும் இத்தனை பார்த்து எடுப்பதைவிடப் பெரிடாட் நேரான வழி. ஆனால் மஞ்சள் கலக்காத, நீலம் தட்டிய பச்சை பெரிடாட்டில் வராது. அந்தப் பச்சைக்கு டூர்மலினைத்தான் நாட வேண்டும்.

24 அங்குலச் செயின் மூன்றுக்குமே வேண்டாம். குனியும்போது அடுப்புமேடை விளிம்பிலும் சாப்பாட்டு மேசையிலும் இடிப்பது அந்த நீளம்தான். 18 அங்குலத்தில் அந்த இடி அநேகமாக இல்லை.

கழுவுவது

புளி, எலுமிச்சை, பற்பொடி, விபூதி, கொதிக்கும் பூந்திக்கொட்டைத் தண்ணீர் ஆகியவைதான் நம் வீடுகளில் தங்கம் பளபளக்கும் வழிகள். வெறும் தங்கத்துக்குச் சரி. புளியும் எலுமிச்சையும் அமிலம், பெரிடாட்டில் படவே கூடாது. பற்பொடியிலும் சில பேஸ்டிலும் அராவும் துகள் இருக்கும், அதனால் மெருகு போகும். கொதிநீரில் போட்டு உடனே குழாய்த் தண்ணீரில் எடுத்தால் பெரிடாட்டும் டூர்மலினும் விரிசல் விடலாம். பூந்திக்கொட்டைத் தண்ணீரை ஆறவிட்டுப் பயன்படுத்தினால் குறையில்லை.

பாதுகாப்பான முறை இது. ஒரு கிண்ணத்தில் கை பொறுக்கும் வெதுவெதுப்பில் 200 மில்லி தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் அல்லது குழந்தைகள் ஷாம்பு. டாலரைப் பத்து நிமிஷம் ஊறவிடுங்கள். குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷால் பின்பக்கத்துத் துவாரத்தை முதலில் தேயுங்கள், அழுக்கு அங்கேதான். எண்ணெயும் சந்தனமும் பவுடரும் சேர்ந்து அந்தத் துவாரத்தை அடைத்தால் கல்லுக்குள் போன ஒளி திரும்பாது. 'கல் மங்கிவிட்டது' என்று கொண்டுவரப்படும் அக்வாமரின்களில் பெரும்பாலானவை இப்படி முதுகு அடைத்தவைதான். அதே வெதுவெதுப்பான இன்னொரு கிண்ணத் தண்ணீரில் அலசி, பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். சிங்க் குழாயின் கீழே நேராகப் பிடிக்காதீர்கள், நகப் பிடி தளர்ந்த கல் போகும் வழி அந்தச் சாக்கடைத் துவாரம்.

கடையில் இலவசமாகச் செய்து தரும் அல்ட்ராசோனிக், நீராவி இரண்டையும் பெரிடாட்டுக்கும் டூர்மலினுக்கும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உள்ளே விரிசலோ திரவமோ இல்லாத அக்வாமரினுக்கு அல்ட்ராசோனிக் பரவாயில்லை. உங்கள் கல் எப்படி என்று தெரியாவிட்டால் அதற்கும் வேண்டாம். சென்ட், ஹேர் ஸ்ப்ரே எல்லாம் அடித்து முடித்த பிறகே டாலர் கழுத்தில் ஏற வேண்டும். டூர்மலின் கொஞ்சம் சூடேறினால் மின்னேற்றம் பெற்றுத் தூசியை இழுக்கும், கடை விளக்கின் கீழ் டூர்மலின் தட்டில் மட்டும் தூசி படிந்திருப்பதைக் காணலாம். கழுத்தில் போடும்போது இது பெரிய தொல்லை இல்லை, வாரம் ஒருமுறை மெல்லிய ஈரத் துணியால் ஒற்றினால் போதும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாலரைக் காதருகே வைத்து விரலால் தட்டிப் பாருங்கள். கிலுகிலு என்று சத்தம் வந்தால் கல் ஆடுகிறது, அன்றே கழற்றி வைத்துவிட வேண்டும். கொக்கியின் உள்வளைவையும் பாருங்கள், செயின் உரசி உரசிப் பாதி தேய்ந்திருந்தால் மாற்ற நேரமாகிவிட்டது. பெரிடாட்டின் மேல்பரப்பு மங்கினால் கல்லை மாற்றத் தேவையில்லை. கல்வெட்டும் பட்டறையில் மேல்பரப்பை மட்டும் மறுபடி மெருகேற்றலாம். எடை சற்றுக் குறையும், உயரமும் மயிரிழை இறங்கும். அதனால் பழைய கூட்டில் அப்படியே வைக்காமல், விளிம்பை மறுபடி அழுத்திப் பிடிக்கச் செய்து, ஆட்டம் இல்லை என்று ஆசாரி முன்னாலேயே தட்டிப் பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும்.